ஆண்டறிக்கை: கூம்புகளும் விதைகளும், சென்ற ஆண்டின் ஒரு திருத்தத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதால், இவ்வாண்டு சங்கம் முழுமையாக ஈடுபட்ட ஒரே பணியைப் பற்றி மட்டும் அறிக்கை அளிக்கிறேன். அதற்கு முன்பாக, சென்ற ஆண்டு இதே மேடையில் நான் கூறிய ஒரு செய்தி பிழையானது என்பதைப் பதிவு செய்வது என் கடமையாகும். உறுப்பினர் ஒருவரின் தோட்டத்திலுள்ள பெண் ஈந்துக்கு (சைகஸ் சர்சினாலிஸ்) நாம் கையால் செய்த மகரந்தச் சேர்க்கை தோற்றுவிட்டது என்று கூறியிருந்தேன். அது தோற்கவில்லை.

ஈந்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் உச்சியில் செதில்கள் நெருங்கி அடுக்கிய பெரிய கூம்பு ஒன்று எழும்புகிறது. நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பது அந்தச் செதில்களைத்தான். பெயரில் பூ இருந்தாலும் அது பூ அன்று. ஒவ்வொரு செதிலின் அடிப்புறத்திலும் மகரந்தப் பைகள் நிறைந்திருக்கும். பெண் மரத்தில் கட்டான கூம்பே உருவாவதில்லை. பழுப்பு நிறப் பஞ்சு போர்த்திய இலை போன்ற சூலிலைகள் வட்டமாக விரிய, அவற்றின் ஓரங்களில் சூல்கள் மூடுவதற்குச் சூலகம் எதுவுமின்றித் திறந்தே அமர்ந்திருக்கின்றன. பூக்கும் தாவரத்திற்கும் இவற்றிற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இயற்கையில் இந்த மகரந்தத்தைச் சுமந்து செல்வதில் வண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அத்தோட்டத்தின் அருகில் ஆண் மரம் இல்லாததால், வேறொரு ஊரிலிருந்து கூம்பின் தூளைத் தாளில் உதிர்த்து, உலர்த்திக் கொண்டு வந்தோம். சித்திரை மாதக் காலையொன்றில் கைலென்சு வழியே பார்த்தபோது, சில சூல்களின் நுனித்துளையில் பனித்துளி போல் ஒரு துளி நின்றது. தூளை அதன்மேல் ஊதினோம். துளி வற்றும்போது மகரந்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உள்ளே போன மகரந்தம் உடனே கருவுறச் செய்வதில்லை. அதன் குழல் வேர்போலச் சூலின் திசுவில் ஊன்றி உணவு உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். பின்னர் அதிலிருந்து வெளிப்படும் ஆண் இனச்செல்கள், ஆயிரக்கணக்கான கசையிழைகளை அசைத்து, சூலுக்குள் இருக்கும் சிறு நீரில் முட்டையை நோக்கி நீந்துகின்றன. 1896இல் ஜப்பானில் ஹிராசே கிங்கோவிலும், அதே ஆண்டில் இக்கேனோ சைகஸிலும் இதைக் கண்டறிந்தனர். மேட்டு நிலத்து மரமொன்று பாசியையும் பெரணியையும் போல நீந்தும் செல்லை இன்றும் வைத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தை மாதம் பதினைந்து விதைகள் உதிர்ந்தன. நான்கை அறுத்தோம், வெண்மையான சதை இருந்தது, முளைக்கருவைக் காணவில்லை. அதைக் கொண்டே தோல்வி என்று எழுதினேன். பிழை அங்கேதான். சைகஸ் விதை உதிரும்போது முளைக்கரு பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருக்கும்; அது வளர்வது மண்ணில் விழுந்த பிறகு. ஈர மணலில் மறதியாக விட்டிருந்த பதினொன்றில் ஏழு, ஆவணியில் ஓடு பிளந்து வேர் விட்டன. இன்னோர் உறுப்பினர் வீட்டில், மகரந்தமே படாத பெண் மரத்தின் விதைகளும் அதே பருமனுக்குத் திரண்டிருந்தன. ஆனால் அதே மணலில் அவையனைத்தும் அழுகின. ஆகவே பருமனை வைத்தும், உதிர்ந்தவுடன் அறுத்துப் பார்த்தும் முடிவு கூறுதல் ஆகாது.

ஐப்பசியில் கொடைக்கானல் சென்றபோது, அங்கே நட்டு வளர்க்கப்பட்ட பைன் மரத்தில் வேறொரு வழியைக் கண்டோம். ஒரே கிளையில் விரல்நுனி அளவான இளங்கூம்பு, சற்றுக் கீழே பச்சைக் கூம்பு, அதற்கும் கீழே மரமாக இறுகிய பழைய கூம்பு என்று மூன்று பருவங்கள் தெரிந்தன. இங்கே சூல்கள் செதிலுக்கு இரண்டாக மேற்புறத்தில் அமர்ந்துள்ளன. வண்டு தேவையில்லை, இரு காற்றுப்பைகள் கொண்ட மகரந்தம் காற்றில் வந்து செதில்களின் இடைவெளியில் நுழைய, இங்கும் ஒரு துளியே அதை உள்ளிழுக்கிறது. பிறகு செதில்கள் மூடிக்கொள்கின்றன. கருவுறுதல் ஏறத்தாழ ஓராண்டு கழித்தே நிகழ்கிறது. ஆனால் பைனின் ஆண் இனச்செல்லுக்கு நீந்தத் தெரியாது, குழலே அதை முட்டை வரை கொண்டு சேர்க்கிறது.

முளைத்த ஏழு கன்றுகளும் உறுப்பினர் தோட்டங்களில் உள்ளன. அவை ஆணா பெண்ணா என்பது கூம்பு தோன்றும் வரை தெரியாதாகையால், அவற்றைப் பிரித்து வைக்காமல் ஒரே இடத்தில் நட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. மருந்துக்காகக் கூம்பை இளமையிலேயே வெட்டினால் சுற்றிலுமுள்ள பெண் மரங்களின் அவ்வாண்டு விதைகள் வீணாகின்றன. எனவே ஆண் மரம் வைத்திருக்கும் உறுப்பினர்கள், தூள் உதிர்ந்து முடியும் வரை கூம்பை விட்டுவைக்குமாறும், உதிரும் நாளைச் செயலாளருக்குத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்