கயல், விண்ணப்பத்தைப் படித்தேன்

கயலுக்கு,

உன் பால் தொட்டிக் கருவிக்காக, புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் இன்குபேட்டருக்கு அனுப்பப் போகும் விண்ணப்பத்தை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். அம்மாவும் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கா, ஆனா கருவி என்ன செய்யுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே" என்றாள்.

என்ன பிரச்சினையைத் தீர்க்கிறீர்கள் என்பதற்கு 'பால் துறையில் புரட்சி' என்று ஒரு பக்கம் போகிறது. இத்தனை வருஷம் பால் சங்கச் செயலாளராக இருந்த எனக்கே மூன்றாவது பத்தியில்தான், பாலைக் குளிர வைக்கும் பி.எம்.சி. தொட்டி கண்ணில் பட்டது. இப்படி எழுதிப் பார்: "சங்கத் தொட்டியில் பால் 4 டிகிரியில் இருக்க வேண்டும். இரவில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால், காலையில் டேங்கர் வரும்போதுதான் தெரிகிறது. சூடு 7 டிகிரியைத் தாண்டினால் எங்கள் கருவி செயலாளரின் போனுக்கு அழைக்கும்." போதும்.

தேவை இருப்பது எப்படித் தெரியும் என்ற இடத்தில் 'பேசிய எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது' என்கிறாய். பிடித்தது என்று நானும் எத்தனையோ விற்பனைக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் வாங்கியதில்லை. உன்னிடம் இருப்பது வேறு. மூன்று சங்கம், நான்கு மாதம், 11 அழைப்பு, அதில் 8 நிஜமாகவே சூடேறியது. இலவச காலம் முடிந்த பிறகு ஒரு சங்கம் 1,500 ரூபாய் கட்டி ரசீது வாங்கியது, மற்ற இரண்டும் இன்னும் முடிவு சொல்லவில்லை. இதை அப்படியே எழுது, அந்த இரண்டையும் சேர்த்து.

மீதி 3 தப்பு அழைப்பை ஏன் மறைத்தாய்? நேர்காணலில் எப்படியும் கேட்பார்கள். தொட்டி கழுவும்போது சென்சார் ஒயர் இளகியது, இப்போது கிளாம்ப் போட்டிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதினால், ஈரத் தரையில் நின்று வேலை பார்த்தவள் என்று தெரிந்துவிடும்.

போட்டியே இல்லை என்பதை எடுத்துவிடு. உன் போட்டி, மணிக்கொரு தரம் எழுந்துபோய் நோட்டில் டிகிரி எழுதும் வாட்ச்மேன். அவர் தூங்கிப்போன ராத்திரிகளில் நோட்டில் வரி காலியாக இருக்கும், இல்லையென்றால் எல்லா வரியும் ஒரே மையில் '4' என்று இருக்கும். போட்டோ எடுத்து இணை.

அப்புறம் பணம். இன்குபேட்டர் வழியாக வரும் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மாதிரிக் கருவிக்கு 20 லட்சம் வரை மானியம் உண்டு, ஆனால் மொத்தமாகத் தரமாட்டார்கள், சொன்ன இலக்கை முடிக்க முடிக்கத்தான் தவணை வரும். 'ஆறு மாதத்தில் 500 சங்கம்' என்று ஆசையில் எழுதினால் அதுவே உன் கழுத்தில் விழும். நான்கு மாதத்தில் மூன்று செய்தவள், ஆள் ஒருவரைச் சேர்த்தால் 20 செய்யலாம். அந்தக் கணக்கைக் காட்டு.

அந்த மூன்று தப்பு அழைப்பின் தேதிகளை அனுப்பு. நாளைக்குச் சங்கத்துக்குப் போய், அன்றைக்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பா