முறைத் தண்ணீர்ப் பட்டியலில் விடுபடும் மணிக்கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பாசன முறைப் பட்டியல் பற்றிய கட்டுரையை எங்கள் குழுவில் பலரும் படித்தோம். மொத்த நேரத்தை மொத்த ஏக்கரால் வகுத்து, வந்ததை ஆளுக்கு ஆள் எழுதி ஒட்டிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று அதில் முடித்திருந்தீர்கள். எங்கள் கிளை வாய்க்காலுக்குப் பட்டியல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வகுத்தல் கணக்கில் சண்டைக்கான விதை அப்படியே இருக்கிறது. கடைமடைக்காரர் ஏமாறுவதும், தண்ணீர் நின்று வரும்போது வாய்த்தகராறு முற்றுவதும் அந்தக் கணக்குக்கு வெளியே நடக்கிறவை.

முதலில் வாய்க்கால் நிரம்பும் நேரம். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும்போது, இருவர் மடைக்கும் இடைப்பட்ட வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அது நிரம்பிய பிறகுதான் வயலுக்குள் தண்ணீர் ஏறும். அந்த நேரம் அவர் கணக்கில் ஓடினாலும் அவர் பயிருக்குப் போகவில்லை. கடைசி ஆளுக்கு இதன் மறுபக்கம் நடக்கும். தலைப்பில் அடைத்து முதல் ஆளுக்குத் திருப்பிய பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் முழுக்க அவர் வயலில்தான் போய் வடியும். அதனால் நிரம்பும் நேரத்தை ஒவ்வொருவர் முறையிலும் கூட்ட வேண்டும், வடியும் நேரத்தைக் கடைசி ஆளிடம் கழிக்க வேண்டும். வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வழக்கத்தில் இருக்கிற, ஆளுக்கு இந்தக் கிழமை இந்த மணி என்று குறித்துத் தண்ணீர் பங்கிடும் 'வாராபந்தி' முறையில் இந்தக் கூட்டல் கழித்தல் நெடுங்காலமாக உண்டு.

எடுத்துக்காட்டாக, ஒரு வாய்க்காலில் 10 பேர், மொத்தம் 29.5 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 180 மணி நேரம். (ஏன் 7 நாளுக்கான 168 இல்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.) தலையிலிருந்து கடை வரை வாய்க்கால் நிரம்ப 4 மணி நேரம், கடைசியில் வடிவது 1 மணி நேரம். 180-இல் 4-ஐக் கழித்து 1-ஐக் கூட்டினால் 177. அதை 29.5-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 6 மணி நேரம். ஐந்தாவது ஆளுக்கு ஒன்றரை ஏக்கர், அவர் மடைக்கு முந்தைய துண்டு நிரம்ப அரை மணி என்றால் அவர் முறை 9.5 மணி. கடைசி ஆளுக்கு 3 ஏக்கர் இருந்தால் 18-உடன் அரை மணி கூட்டி 1 மணி கழித்து 17.5. இந்த நிரம்பும் நேரங்களை யாரும் உத்தேசமாகச் சொல்லக் கூடாது. இரண்டு மடையிலும் ஆள் நிற்க, ஒரு முறை தண்ணீர் விட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். வாய்க்கால் தூர்வாரியதும் மறுபடி பார்க்க வேண்டும். புல் மண்டிய வாய்க்காலும் வாரிய வாய்க்காலும் ஒரே வேகத்தில் நிரம்பாது.

இந்தக் கணக்கு கசிவை ஈடுசெய்யாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மண் வாய்க்காலில் தலைமடையில் ஓடுகிற தண்ணீர் அத்தனையும் கடைமடைக்கு வந்து சேராது. எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, இரண்டு இடத்திலும் ஒரே சீராக இருக்கிற 10 மீட்டர் நீளத்தை அளந்து, ஒரு சிறு மரத்துண்டை மிதக்கவிட்டு நொடி எண்ணினால் போதும். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி இரண்டு இடத்தையும் ஒப்பிடலாம். கடையில் வருவது தலையில் வருவதில் முக்கால் பங்குதான் என்றால், கடைமடைக்காரருக்கு அதே தண்ணீர் கிடைக்க நேரம் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். அதைக் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பது குழு கூடி முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் அளந்த எண்ணை நடுவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இனி 180-க்கு வருகிறேன். சுற்று சரியாக 7 நாளாக இருந்தால் ஒருவருக்கு எந்தக் கிழமை எந்த மணியில் முறை வருகிறதோ, பருவம் முடியும்வரை அதே மணியில்தான் வரும். நினைவில் வைக்கச் சுலபம். ஆனால் ஓர் ஏக்கர் வைத்திருக்கிற பெண்ணுக்கு இரவு 10 மணியிலிருந்து விடியற்காலை 4 வரை என்று விழுந்துவிட்டால், ஒவ்வொரு வாரமும் அவர்தான் இருட்டில் வரப்பில் நிற்க வேண்டும். 15 ஏக்கர்காரருக்கு இது தெரியவே தெரியாது, அவர் முறையில் பகலும் இரவும் கலந்தே வரும். இரவுச் சுமை முழுக்கச் சிறு விவசாயி தலையில்தான் விழுகிறது. சுற்றை ஏழரை நாளாக, அதாவது 180 மணியாக வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் முறை 12 மணி நேரம் தள்ளிப் போகும். இந்தச் சுற்றில் இரவு 10 மணி என்றால் அடுத்த சுற்றில் காலை 10 மணி. அரை நாள் தள்ளுவதால் பெரும்பாலான பயிருக்கு ஒன்றும் ஆகிவிடாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்கிற பயிருக்கு அரை நாள் ஒரு பொருட்டில்லை. மணல் பாங்கான நிலத்துக் காய்கறி நாற்றுக்கு மட்டும் யோசிக்க வேண்டும். கிழமையை வைத்து ஞாபகம் வைத்தவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். அதனால் பருவம் முழுக்க எல்லாச் சுற்றுக்கும் தேதியும் மணியும் போட்ட பட்டியலை முன்னதாகவே கையில் கொடுத்துவிட வேண்டும்.

கட்டுரையில் ஒரு வரியும் இல்லாத விஷயம், தண்ணீர் இடையில் நின்றால் என்ன செய்வது என்பது. வாராபந்தியில் கடிகாரம் நிற்காது. வாய்க்கால் அடைபட்டிருந்த நேரத்தில் யார் முறையோ, அவருக்கு அது போனதுதான். பல ஊர்களுக்கு ஒரே பட்டியல் இருக்கிற இடத்தில் அதற்கு நியாயம் இருக்கலாம். 10 பேர் உள்ள ஒரு குழுவுக்கு அது கொடுமை என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் நின்றால் கடிகாரமும் நிற்க வேண்டும், தண்ணீர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும்.

மேலே சொன்ன வாய்க்காலையே எடுத்துக்கொள்கிறேன். சுற்று திங்கள் காலை 6 மணிக்குத் தொடங்கியது. ஐந்தாவது ஆள் முறை புதன் காலை 10 மணிக்கு ஆரம்பம். 4 மணி நேரம் பாய்ந்திருக்கும்போது, பகல் 2 மணிக்குப் பெரிய வாய்க்காலில் உடைப்பு, தண்ணீர் நின்றது. வியாழன் இரவு 8 மணிக்குத் திரும்ப வந்தது. அவருக்குப் பாக்கி 5.5 மணி. ஆனால் 30 மணி நேரத்தில் வாய்க்கால் வற்றிவிட்டது, தலையிலிருந்து அவர் மடை வரை திரும்ப நிரம்ப 1.5 மணி ஆகும். இதை அவர் பாக்கியில் கழித்தால் அநியாயம், உடைப்பு அவரால் வந்ததல்ல. ஆகவே அவருக்கு 7 மணி நேரம். வெள்ளி அதிகாலை 3 மணிக்கு அவர் முறை முடியும். அவருக்குப் பின்னால் வருகிற எல்லோருக்கும் 30 மணியோடு அந்த 1.5 மணியும் சேர்த்து 31.5 மணி தள்ளும். சுற்று திங்கள் மாலை 6 மணிக்கு முடிய வேண்டியது, புதன் அதிகாலை 1.30-க்கு முடியும்.

இப்படித் தள்ளும்போது இரவு பகல் மாற்றம் குலைந்துபோகும் என்று ஒருவர் கேட்கலாம். குலையத்தான் செய்யும். அதற்காகப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரவு முறை எத்தனை வந்தது என்று ஒரு கட்டம் வைக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு இரவு விழுந்தவருக்கு, அடுத்த மடைக்காரரோடு முறை மாற்றிக்கொள்ள முதல் உரிமை. அடுத்த மடை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைமடைக்காரரும் தலைமடைக்காரரும் மாற்றிக்கொண்டால் வாய்க்கால் முழுதும் நிரப்பி, பிறகு மேலே திரும்ப வேண்டிவரும். அந்த வீண் நேரம் மாற்றிக்கொண்ட இருவர் கணக்கில் போக வேண்டுமே தவிர மூன்றாம் ஆள் தலையில் அல்ல.

மாற்ற அறிவிப்பு என்பது பெரும்பாலும் தண்ணீர் திறந்துவிடும் ஆளான நீர்க்கட்டி சைக்கிளில் போகிற போக்கில் சொல்வதாகவோ, வாட்ஸ்அப்பில் "தண்ணி லேட்டாகும்" என்று ஒரு குரல் பதிவாகவோ இருக்கிறது. அதைக் கேட்டவர் தனக்கு எத்தனை மணிக்கு என்று தானே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 10 பேர் 10 விதமாகக் கூட்டுவார்கள். அதிலும் "செவ்வாய் ராத்திரி ஒன்றரை மணி" என்றால் ஒருவர் திங்கள் இரவு விழித்திருப்பார், இன்னொருவர் செவ்வாய் இரவு வருவார். மேலே சொன்ன உடைப்புக்கு அறிவிப்பு இப்படி இருந்தால் போதும்:

"அறிவிப்பு எண் 3. எண் 2 செல்லாது. காரணம்: பெரிய வாய்க்கால் உடைப்பு, 30 மணி நேரம் தண்ணீர் இல்லை, திரும்ப நிரம்ப ஒன்றரை மணி. ஆறாம் முறை: பழைய நேரம் புதன் இரவு 7.30. புதிய நேரம் வியாழன் இரவு கழிந்து வெள்ளி அதிகாலை 3.00."

இதே போல ஏழு முதல் பத்து வரைக்கும், அடுத்த சுற்றின் முதல் ஆளுக்கும் ஆளுக்கொரு வரி. கிழமையோடு தேதியும் வேண்டும். கீழே எழுதியவர் கையெழுத்து, எழுதிய மணி. வரிசை எண் இல்லாத அறிவிப்பை யாரும் மதிக்க வேண்டாம் என்று குழு தீர்மானம் போட்டுவிட்டால், பழைய செய்தியைக் காட்டி மடை திறக்கிற பழக்கம் நின்றுவிடும். பலகையில் எழுதுவதோடு, அடுத்து வருகிற இரண்டு பேரிடமாவது நேரில் சொல்லி "தெரிந்துகொண்டேன்" என்று பெயருக்கு எதிரே குறி வாங்க வேண்டும். குறி வாங்காத ஆளின் முறை, அவர் வராததால் பறிபோகக் கூடாது.

தண்ணீர் முழுதாக நிற்காமல் குறைந்து வரும்போது கணக்கு இன்னும் சிக்கல். அரை உயரம் ஓடினால் அரைத் தண்ணீர் என்று நினைத்து நேரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். அகலமான வாய்க்காலில் உயரம் பாதியானால் ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் உயரம் குறையும்போது வேகமும் குறைகிறது. தலைப்பில் ஓர் அளவுக்கல் நட்டு, மிதவை விட்டு அளந்து, எந்தக் கோட்டில் உண்மையிலேயே பாதி ஓட்டம் என்று வண்ணம் பூசிக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டில் ஓடுகிற நேரத்துக்கு ஒரு மணியை அரை மணியாக எண்ணலாம். அதற்கும் கீழே போனால் முறையை நிறுத்திவைத்துக் குழுவைக் கூட்டுவதே நல்லது. கால் பங்கு ஓட்டம் கடைமடையை எட்டாமல் வாய்க்காலே குடித்துவிடலாம்.

அடுத்த இதழில் இடம் இருந்தால், பெயர், ஏக்கர், நிரம்பும் நேரம், முறை மணி, இரவுக் கட்டம் ஆகிய பத்திகளோடு ஒரு வெற்றுப் பட்டியலையும், அறிவிப்புத் தாளின் மாதிரியையும் ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். வெட்டி எடுத்து நகல் போட்டுக்கொள்கிற அளவில் இருந்தால் குழுக்கள் அப்படியே பயன்படுத்திக்கொள்ளும்.

இப்படிக்கு,
பாசனக் குழு ஒன்றின் முறைப் பட்டியல் எழுதும் வாசகர்