உன் மகளின் படங்களும் என் கிரைண்டரும்

அன்புள்ள மக்கா,

நுகர்வோர் உரிமை பற்றி உன் மகள் வரைந்து அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி விரலால் தள்ளித் தள்ளி ஒன்பதையும் பார்த்தேன். இதற்குப் பெயர் கரோசல் என்றாள் என் பேத்தி. அகராதியில் பார்த்தால் ராட்டினம் என்று போட்டிருக்கிறது. சுசீந்திரம் தேரோட்டத்தில் ராட்டினம் ஏறிவிட்டு நீ என் சட்டையிலேயே வாந்தி எடுத்தது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

படங்கள் அழகு. ஆனால் இரண்டாவது படத்தை அப்படியே வெளியே விடாதே. ‘வாங்கிய பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம், இது சட்டம்’ என்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ கடைக்காரர் மறுத்தால் அது முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். சேலை நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவது கடைக்காரர் மனசு, அவ்வளவுதான். படத்தை நம்பி யாராவது போய் நின்றால் கடையில் சிரிப்பார்கள்.

ஆனால், பழுது என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் நான் மாட்டினேன். பிப்ரவரி 3ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் 7,800 ரூபாய்க்கு கிரைண்டர் வாங்கினோம். பதினெட்டாம் நாள் அரைத்துக்கொண்டிருக்கும்போதே புகை வந்தது. கடைக்குப் போனால் பில்லின் அடியைக் காட்டினார்கள்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’ பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்றார்கள், போனேன்.

அங்கே ஜாப் ஷீட் என்று ஒரு தாள் தருவார்கள். என் தாளில் ‘அதிக பாரத்தால் மோட்டார் காயில் கருகியது’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டிருந்தால் தப்பு என்னுடையதாகிவிடும், வாரண்டியும் போய்விடும். இரண்டு லிட்டர் கிரைண்டரில் அரைக் கிலோ அரிசிதான் போட்டோம் என்று அதே தாளில் என் கைப்பட எழுதி, அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். சரி செய்து தந்தார்கள். மூன்று வாரத்தில் திரும்பவும் புகை. இரண்டாம் தடவை ‘தாள் எதுக்கு சார், வச்சிட்டுப் போங்க’ என்றார்கள். தாள் தராமல் நகர மாட்டேன் என்று நின்று வாங்கினேன். உன் மகளின் நான்காம் படத்தில் வாரண்டி கார்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறாள். சரிதான். அந்த இடத்தில் ஜாப் ஷீட்டையும் சேர்க்கச் சொல். கார்டில் கடை முத்திரை விட்டுப்போனாலும் பில் இருந்தால் தேதியை நிரூபித்துவிடலாம். ஒரே பழுது இரண்டு தடவை வந்தது என்பதை அந்தத் தாள்கள் மட்டும்தான் சொல்லும்.

அப்புறம் கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். தேதிகள், ஜாப் ஷீட் நகல்கள், புதுசு வேண்டும் அல்லது பணம் வேண்டும், பதில் சொல்ல 15 நாள். பதிலே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்தேன். புகாரைப் பதிந்து எண் தந்தார்கள். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட அவர்களால் முடியாது. ஏழாம் படத்தில் 1915தான் தீர்ப்புச் சொல்கிற இடம் என்பதுபோல இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும்.

தீர்ப்புச் சொல்வது நுகர்வோர் ஆணையம். பழைய சட்டத்தில் கடையோ கம்பெனியோ இருக்கிற ஊரிலோ, பிரச்சினை நடந்த ஊரிலோதான் வழக்குப் போடணும். நம்ம ஆட்களில் பாதிப் பேர் கல்யாணச் சாமான் வாங்க திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள், பழுதானால் அங்கேயே அலைய வேண்டுமே என்று விட்டுவிடுவார்கள். இப்போது நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அதாவது நாகர்கோவிலில். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். இது அவள் படங்களில் எங்குமே இல்லை. நம்ம மாவட்டத்துக்கு இதைவிட வேண்டிய படம் எது?

நான் ஆணையம் வரை போகவில்லை. 1915இல் புகார் பதிந்த பதினோராம் நாள் கம்பெனி ஆள் புது கிரைண்டரோடு தக்கலை வீட்டு வாசலில் நின்றார். பழையதை எடுத்துக்கொண்டு, ‘எனக்குத் திருப்தி’ என்று எழுதித் தரச் சொன்னார். ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இன்னொன்று, அந்த பில்லை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளாக இருக்கிறது. மெஷின் பில்லில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே பேத்தி போனில் படம் எடுத்து வைத்ததால் பிழைத்தேன்.

படங்களைத் திருத்தி முடித்ததும் திரும்ப அனுப்பச் சொல். ஓணத்துக்கு வரும்போது ஏத்தன் குலை ஒன்று வெட்டி வைக்கிறேன், வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்