நகரம் எங்கே முடிகிறது என்று கோடு போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயற்கைக்கோள் படத்தை வைத்து கோயம்புத்தூரின் உண்மையான பரப்பை வரைகிற திட்டமிடல் அதிகாரிகளுக்கும் அவர்களுக்கு வரைபடம் செய்து தருகிற ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். மாநகராட்சி எல்லை நகரத்தின் எல்லை இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் பத்தரை லட்சம், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் திரட்சியில் 21 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு மாநகராட்சி சுமார் 105 சதுர கி.மீ.யிலிருந்து 257 சதுர கி.மீ. ஆனது, குறிச்சி, குனியமுத்தூர், சரவணம்பட்டி எல்லாம் உள்ளே வந்தன. கட்டடங்கள் அதற்கும் வெளியே நீலாம்பூர், சூலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று போய்க்கொண்டே இருக்கின்றன. அதனால் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போடுவது நியாயமான வழிதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தக் கோட்டைப் படம் போட்டுத் தருவதில்லை. நீங்கள் வைக்கிற இரண்டு மூன்று விதிகள்தான் போடுகின்றன. அந்த விதிகளை வரைபடத்தோடு சேர்த்து வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் பிக்சல். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் நல்ல பட்டைகளில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். மூன்று சென்ட் சைட்டில் வீடு கட்டி, பின்னால் ஒரு தென்னையும் முருங்கையும் வைத்திருக்கிறவரின் வீடு அதில் ஒரு முழுப் பிக்சலைக்கூட நிரப்பாது. பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலோ ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர், 22 சென்ட், அதாவது ஒரு சிறு தெருவே அதற்குள் கலந்துவிடும். 1990-ஐ லேண்ட்சாட்டில் வரைந்து, இன்றைய நிலையைச் சென்டினலில் வரைந்து, இரண்டையும் கழித்து 'நகரம் இவ்வளவு வளர்ந்தது' என்று போடாதீர்கள். அந்த வளர்ச்சியில் எவ்வளவு வீடு, எவ்வளவு கேமரா என்று பிரிக்கவே முடியாது. புதிய படத்தையும் 30 மீட்டர் பிக்சலுக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால்தான் சரி.

அப்புறம், எது கட்டடம் என்று கண்டுபிடிப்பது. பலரும் கையில் எடுப்பது இந்தக் குறியீட்டைத்தான்:

```
(B11 - B8) / (B11 + B8)
```

B11 என்ற குற்றலை அகச்சிவப்பு கூடுதலாகவும் B8 என்ற அண்மை அகச்சிவப்பு குறைவாகவும் திரும்பி வந்தால் அது கட்டடம் என்பது இதன் கருத்து. சிக்கல் என்னவென்றால் காய்ந்த மண்ணும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஏப்ரல் மாதப் படம் ஒன்றை மட்டும் எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள், கிழக்கே உழுது போட்ட மானாவாரி நிலமும் வற்றிய குளத்தின் தரையும் நகரமாகத் தெரியும். பார்க்க பெருமையாகத்தான் இருக்கும்.

இதற்கு நல்ல மருந்து ஒரு வருடத்துப் படங்களை எல்லாம் சேர்த்துப் பார்ப்பது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வயல் ஒருமுறையாவது பச்சையாகும், குளத்தில் ஒருமுறையாவது தண்ணீர் நிற்கும், தார்சும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் எந்த மாதத்திலும் பச்சையாகாது. ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த வருடத்தின் உச்சப் பச்சை அளவையும் உச்ச நீர் அளவையும் எடுத்து, இரண்டும் குறைவாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் போலிகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். 'நகரத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று விளம்பரம் செய்து, கல் மட்டும் நட்டு வைத்திருக்கும் லேஅவுட்டுகளும் இதில் பெரும்பாலும் கழன்றுவிடும், மழைக்குப் பிறகு அந்தக் காலி மனைகளில் புல் முளைக்கிறது அல்லவா.

ஆனாலும் மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் எந்த மாதத்திலும் பச்சையாகாது. அங்கே சென்டினல்-1 ராடார் கொஞ்சம் கைகொடுக்கும், ஏனென்றால் தரையும் நேர்ச்சுவரும் சேர்ந்து அலையைத் திருப்பி அடிப்பதால் வீடுகள் பளிச்சென்று தெரியும். மிச்சத்தைக் கையால்தான் நீக்க வேண்டும். தென்னந்தோப்புக்குள் ஒளிந்திருக்கும் வீடுகளுக்கு மேலே சொன்ன மருந்தே நோய், தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவை கணக்கில் குறையவே செய்யும்.

சரி, கட்டடப் பிக்சல்கள் கிடைத்துவிட்டன. இன்னும் நகரம் கிடைக்கவில்லை, வெறும் புள்ளிகள்தான். 200 நகரங்களை அளந்த 'அட்லஸ் ஆஃப் அர்பன் எக்ஸ்பான்ஷன்' வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதை யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு கட்டடப் பிக்சலைச் சுற்றியும் ஒரு சதுர கி.மீ. பரப்புள்ள வட்டம் போடுகிறார்கள், ஆரம் 564 மீட்டர், ஒருவர் பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடும் தூரம். அந்த வட்டத்துக்குள் பாதிக்கு மேல் கட்டடம் என்றால் அது நகர்ப்புறம், கால்வாசியிலிருந்து பாதி வரை என்றால் புறநகர், அதற்கும் கீழே கிராமம். சூலூர் வழியில் ஒரு லேஅவுட்டை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் படத்தில் அந்த வட்டத்துக்குள் 10,000 பிக்சல் இருக்கும், அதில் 3,000 கட்டடம் என்று வைத்துக்கொண்டால் 30 சதவீதம், ஆகவே புறநகர். கோடை மண்ணை நீக்கிவிட்டுப் பார்க்கும்போது 2,400 என்று இறங்கினால் அதே இடம் கிராமம். அங்கே ஒரு செங்கல்கூட நகரவில்லை, நாம் படம் எடுத்த மாதம் மட்டும்தான் மாறியது.

மூன்றாவது விதிதான் கோயம்புத்தூருக்கு ரொம்ப முக்கியம். எவ்வளவு இடைவெளி இருந்தால் இரண்டு கட்டடத் திரளை ஒன்றாகச் சேர்ப்பது? பிரான்ஸின் புள்ளியியல் துறை கட்டடங்களுக்கு நடுவே 200 மீட்டர் இடைவெளி வரை ஒரே நகரம் என்கிறது. இங்கே அவிநாசி சாலையில் மில், கல்லூரி, கிடங்கு, கல்யாண மண்டபம் என்று வரிசையாக நிற்கின்றன. இடைவெளியை 200 மீட்டர் என்று வைத்தால் சங்கிலி எங்காவது அறும். ஒரு கி.மீ. என்று தளர்த்தினால் நீலாம்பூர், கருமத்தம்பட்டி, அவிநாசி என்று தாவி நகரம் திருப்பூரில் போய் இறங்க வாய்ப்பு அதிகம். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஒரே ஒரு வரிசைக் கட்டடம் இருந்து, அதன் முதுகில் சோளக்காடு இருக்கிற இடத்தை நகரத்தின் நடுப்பகுதி என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் 200, 500, 1,000 என்று மூன்று இடைவெளிக்கும் மூன்று கோடு போட்டு ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். மூன்றும் ஒட்டி நிற்கிற மேற்குப் பக்கம், மலை இருப்பதால், சண்டை வராது. கிழக்கே அவை விரிகிற இடத்தில்தான் பஞ்சாயத்துகளோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கடைசியாகத் துல்லியம். '95 சதவீதம் சரி' என்று அறிக்கையின் மூலையில் ஒரு வரி இருக்கும். காந்திபுரம் கட்டடம் என்றும் நடு வயல் வயல் என்றும் சொல்வதற்கு யாருக்கும் மதிப்பெண் தர வேண்டியதில்லை, மொத்தப் பரப்பிலும் புள்ளிகளைத் தூவினால் பெரும்பாலானவை இப்படிச் சுலபமான இடத்தில்தான் விழும். கோட்டுக்கு உள்ளே ஒரு கி.மீ., வெளியே ஒரு கி.மீ. பட்டையில் தனியாகப் புள்ளிகள் எடுத்து, தேதி தெரிந்த தெளிவான படத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனது எவ்வளவு, தவறாகச் சேர்ந்தது எவ்வளவு என்று இரண்டு எண்ணாகக் கொடுங்கள். நீலாம்பூரிலோ மலுமிச்சம்பட்டியிலோ இருப்பவருக்குத் தன் ஊர் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் சொத்து வரியும் ஊரக வேலைத் திட்டமும் அடங்கியிருக்கின்றன, அவர் கேட்டால் காட்ட உங்கள் கையில் அந்த இரண்டு எண்ணும், படத்தின் தேதிகளும், நீங்கள் வைத்த இடைவெளியும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாநகராட்சி எல்லைக்கு வெளியே குடியிருந்து, வரைபடம் செய்து பிழைக்கும் ஒருவன்