சிவப்பு நூல்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்பு மகள் கவிதாவுக்கு,

போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கை பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது தூங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

என் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு ஈப்போவில் தேதி கொடுத்துவிட்டார்கள். நீ வந்து அவளை ஜொகூருக்குக் கூட்டிப்போகும் அந்தப் பத்து நாளில், என் கணக்குப்படி, அவளுக்கு மாதவிலக்கு வரும். மற்ற எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொள்வாய். இது ஒன்றை மட்டும் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

நீ வேலைக்குப் போன பிறகுதான் அவள் வயதுக்கு வந்தாள். 13 வயது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கும் மற்றப் பெண்பிள்ளைகளைப் போலவே வரும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அவள் இன்னும் குழந்தை என்ற நினைப்பில் நான்தான் தள்ளிப்போட்டேன். அன்று காலை பிளாஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, புண்ணு" என்றாள். தொடையில் நாலு பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். முன்கூட்டியே சொல்லாமல் விட்டேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இவளுக்கு எதற்குச் சடங்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நானும் உன் அப்பாவும் வாசலில் பந்தல் போடவில்லை என்றாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் புடவை கட்டி உட்கார வைத்தோம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உனக்கு வேலை மிச்சம் என்றும் சிலர் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை அலசிய நாளில் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அன்று அவள் கையில் ஓங்கி அடித்தும்விட்டேன். டாக்டரிடம் கேட்டேன். முதலில் கற்றுக்கொடுங்கள், வலியோ ரத்தப்போக்கோ தாங்கமுடியாமல் இருந்தால் மருந்து இருக்கிறது, சுத்தம் செய்ய முடியவில்லை என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்வதில்லை என்றார்.

கற்றுக்கொடுக்கும் வழியைச் சொன்னவர் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு டீச்சர். நாம் எப்போதும் முதல் படியிலிருந்து ஆரம்பிக்கிறோம். பாதியில் பிள்ளைக்குக் குழம்பிவிடும், அழும், மீதியை நாமே முடித்துவிடுவோம். அவள் மனசில் நிற்பது அழுகை மட்டும்தான். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வா என்றார் டீச்சர். அதனால் முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் நான் செய்தேன். சுற்றிய பழைய பேடைக் குப்பைத் தொட்டியில் போட்டுக் கை கழுவுவது மட்டும் அவள் வேலை. அது கைவந்த பிறகு, பழைய பேப்பரில் சுற்றுவதையும் அவளிடம் விட்டேன். பிறகு கழற்றுவது. புதியதை ஒட்டுவது கடைசியாகத்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவள் அவளாகவே இருந்தாள். "முடிஞ்சிருச்சு" என்று கையைத் தட்டுவாள். அதற்காகவே அடுத்த முறை ஓடிவருவாள்.

மாதத்துக்கு ஒரு தடவை வரும் காரியத்தைப் பழக மாதம் ஒரு தடவை போதாது. அதனால் சனிக்கிழமைதோறும் வெறும் பேட் ஒன்றை ஒரு மணி நேரம் போட்டுப் பழகினோம். அதில் இரண்டு கரண்டி ரோஸ் சிரப் ஊற்றி, இப்படி இருந்தால் மாற்ற வேண்டும் என்று காட்டினேன்.

ஒட்டுவதில்தான் ரொம்ப நாள் தடுமாறினாள். பசைப் பக்கத்தை மேலே வைத்துப் போட்டுக்கொண்டு, கழற்றும்போது தோல் இழுத்துக் கத்தினாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் பேடைப் பார்த்தாலே ஓடினாள். பேனாவால் உள்ளாடையில் கோடு போட்டேன், துவைத்ததும் போய்விட்டது. பிறகுதான் பேடை வைத்து வரைந்து, அந்தக் கோட்டின்மேல் சிவப்பு நூலால் தைத்தேன். காகிதத்தை உரித்து, நூலுக்குள் வைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஏழு உள்ளாடை தைத்து வைத்திருக்கிறேன். நீ புதியதாக வாங்கினால் அவளுக்கு ஒட்டத் தெரியாது, அதைக் கொண்டு நீ அவளை எடைபோடாதே.

நிறைந்துவிட்டதா என்று பார்த்து முடிவெடுக்க அவளுக்கு வராது. அதனால் கடிகாரத்துக்குப் பதிலாகக் காரியத்தோடு சேர்த்துவிட்டேன். எழுந்ததும், பசியாறிய பிறகு, பிடிகே மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்ததும், சாயங்காலம் குளித்ததும், படுக்கும் முன். உன் வீட்டில் நிலையம் கிடையாது, மதியச் சாப்பாடு முடிந்ததும் என்று மாற்றிக்கொள். பேட் பையை நினைவூட்ட நீ சொல்ல வேண்டியது "பாப்பா, பை எங்கே?" என்பது மட்டும். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணு. அவள் அசையாமல் நின்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாம் மறுபடி பேசினால் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எனக்குப் பொறுமை போவது எப்போதும் அந்தப் பத்து எண்ணுவதற்குள்தான்.

வயிறு வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். சப்பாத்து போட மறுப்பாள், சுவரைப் பார்த்து உட்காருவாள். பிடிவாதம் என்றுதான் நானும் வெகுகாலம் திட்டினேன். கோயில் நாள்காட்டியில் சிவப்பில் குறித்து வந்தபோதுதான், மாதாமாதம் இரண்டு நாள் முன்னால் அப்படி இருக்கிறாள் என்று கண்ணில் பட்டது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கொடு.

போன வருஷம் ரத்தப்போக்கு அதிகமாகி, பேடு இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம். வயசுக்கேற்ற சோம்பல் என்று விட்டிருந்தால் தப்பாகியிருக்கும். ரத்தத்தைச் சோதித்ததில் தைராய்டு குறைந்திருந்தது. டவுன் பிள்ளைகளுக்கு அது அதிகம் வருமாம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடு. அரை மணி நேரம் கழித்துத்தான் பசியாற வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்துக் கொடுக்காதே, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் ராத்திரியில் கொடுக்கிறேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. பேட் மாற்றுவது குளியலறையில், கதவை மூடிக்கொண்டு. உதவிக்கு அம்மா அல்லது அக்கா, வேறு யாரும் இல்லை. முன்பு மாதவிலக்கு வந்ததைக் கடைக்காரரிடம்கூடப் போய்ச் சொல்வாள். உன் வீட்டுக்காரர் நல்ல பிள்ளை, ஆனாலும் அவரிடம் அவள் சொன்னால் "அக்காகிட்ட சொல்லு" என்று மட்டும் அவர் சொல்லட்டும். ஒருவரிடம் சரி, இன்னொருவரிடம் தப்பு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியாது. அதனால் எல்லாருக்கும் ஒரே சட்டம்.

அவள் பிறந்தபோது உன்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்துப் பரிசு வாங்குவாள் என்று நினைத்தேன். பிறகு கடையில் சில்லறை எண்ணினால் போதும் என்று நினைத்தேன். 19 வயதில் பள்ளி முடிந்தபோது எதையும் நினைக்காமல் ஒரு வருஷம் ஓடியது. இப்போது, நான் பக்கத்தில் இல்லாத வீட்டிலும் அவள் கதவை மூடிக்கொண்டு சுத்தமாக வெளியே வர வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் பத்து நாளில் அது தெரிந்துவிடும். பயமாகத்தான் இருக்கிறது, கவி.

பை நீல நிறம், அலமாரியில் கீழ்த்தட்டில். பேட் எட்டு, பழைய பேப்பர் கிழித்து வைத்தது ஒரு கட்டு, உள்ளாடை ஏழு. பையை அவளையே தூக்கிவரச் சொல். நீ வாங்கிக்கொள்ளாதே.

அம்மா