எலிக்காய்ச்சல் மாத்திரை யாருக்கு, எப்போது? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கடந்த வாரம் பந்தல்குடி வாய்க்கால் பொங்கித் தெருவுக்குள் வந்தபோது, நம் பிள்ளைகள் பலர் முழங்கால் நீரில் நடந்துதான் வீடு சேர்ந்தார்கள். தண்ணீர் வடிந்துவிட்டது, பயம் வடியவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி, காலிலுள்ள சிறு வெட்டு, சேற்றுப்புண், ஊறி வெளுத்த தோல், கண், வாய் வழியாக உடலுக்குள் போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். பிள்ளை நீரில் இறங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

தடுப்பு மாத்திரையைப் பள்ளியிலேயே கொடுக்கச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். கொடுக்க மாட்டேன். ஏன் என்பதற்கு நம் மாணவன் ஒருவனின் வீட்டையே சொல்கிறேன். 12 வயதான அவன் குதிகாலில் ஆணி குத்திய புண்ணோடு நீரில் நடந்தான். ஆறு வயதுத் தங்கை அப்பாவின் தோளில் வந்தாள். கர்ப்பிணியான அம்மா வீட்டுக்குள் புகுந்த நீரை வாரி இறைத்தார். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அப்பாவுக்கு டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் ஒரே வேளையாகவும், மகனுக்கு அவன் எடைக்கேற்பக் குறைத்தும் கொடுத்தார். மகனுக்கு டெட்டனஸ் ஊசியும் போட்டார். கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை ஆகாது என்பதால் அம்மாவுக்கு அசித்ரோமைசின் எழுதினார். நீரில் கால் வைக்காத தங்கைக்கு எதுவுமில்லை. ஒரே வீட்டில் நான்கு விதமான முடிவு! பொதுவாக எட்டு வயதுக்குக் கீழான பிள்ளைக்கும் டாக்சிசைக்ளினைத் தவிர்ப்பார்கள். அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்குப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டாக்சிசைக்ளின் மாத்திரையை, உணவு சாப்பிட்ட பின் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். மீண்டும் நீரில் இறங்க நேர்ந்தால் அடுத்த வேளை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரை ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுக் காவல் அல்ல. திடீரென்று குளிர் நடுக்கத்தோடு கடும் காய்ச்சல், தலைவலி, பீளை தள்ளாமலே சிவக்கும் கண்கள், தொட்டாலே கத்தும் அளவுக்குக் கெண்டைக்கால் வலி ஆகியவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். போனதும் முதலில், "வெள்ளத்தில் நடந்தான்" என்று தேதியோடு சொல்லுங்கள். டெங்குவும் இப்படித்தான் தொடங்கும் என்பதால், சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் மட்டுமே யோசனை போகக்கூடும். முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டினாலும் நோய் இருக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

காய்ச்சலால் வராத பிள்ளைக்கு விடுப்புக் கடிதம் தேவையில்லை. வகுப்பாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்