இரண்டு சீட்டு, ஒரே நொதி

ஆசிரியருக்கு,

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓர் ஆச்சி வந்து, தொடை வலியில் வீட்டு முகப்புப் படிகூட ஏற முடியவில்லை, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்றார். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. பல வருடமாகச் சாப்பிடுகிறார். நெஞ்சுச்சளிக்கு இன்னொரு டாக்டர் எழுதிய கிளாரித்ரோமைசின் 5 நாளாகச் சேர்ந்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தசை சிதைவது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

கல்லீரலிலும் குடலிலும் உள்ள சிப்3ஏ4 என்ற நொதிதான் அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கிறது. அந்த நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும். வடிகால் அடைத்த தொட்டி மாதிரி, அதே 40 மி.கி. மாத்திரை உடம்பில் பல மடங்காகச் சேரும். இந்த நொதி வேறு எத்தனையோ மருந்துகளையும் சிதைப்பதால் அவற்றின் அளவும் ஏறும்.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் நேர்மாறு. உடம்பை அதே நொதியை அதிகமாகத் தயாரிக்க வைக்கும். கருத்தடை மாத்திரையையும் அந்த நொதி வேகமாகச் சிதைத்துவிடும். கார்பமசெபின் சாப்பிடும் சிலர் கருத்தடை மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பம் தரிப்பது இதனால்தான். முடக்குவது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். தூண்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கார்பமசெபினை நிறுத்தினாலும் நொதி மெல்லத்தான் குறையும். அப்போது மற்ற மருந்துகளின் அளவு ஏறும்.

ஆச்சிக்கு அசித்ரோமைசின் கொடுத்திருக்கலாம், அது இந்த நொதியை அவ்வளவாகத் தொடாது. அல்லது அந்தச் சில நாள் கொழுப்பு மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பழைய சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள் ஆச்சி.

ஒரு மருந்தாளுநர், காரைக்குடி